அஞ்சு நிமிஷ மறுப்புரை: காட்டுப்பள்ளி பத்தி ஒரு ஸ்கூல் டிபேட்

இன்னைக்கு விருந்தாளி யாரும் இல்ல. என் போன்ல ஒரு ரெக்கார்டிங் இருக்கு. அதைத் துண்டு துண்டா போட்டுக் காட்டிட்டு, நடுநடுவுல நிறுத்திப் பேசப் போறேன். பேசறது என் சித்தி பொண்ணு. திருவொற்றியூர்ல ப்ளஸ் ஒன் படிக்கிறா. போன வருஷம் பள்ளிகளுக்கு இடையில நடந்த ஒரு தமிழ் விவாதப் போட்டியில அவ பேசின மறுப்புரை இது. டிபேட் பழக்கம் இருக்கிறவங்க ரிபட்டல்னு சொல்வீங்க. பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டா. வீட்ல எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவோம், இங்கயும் அப்படியே வெச்சுக்கலாம்.

தலைப்பு இதுதான்: "காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வடசென்னைக்கு நன்மையே." பூவா தலையா போட்டதுல பாப்பா அணிக்கு எதிர்த்துப் பேசற பக்கம் விழுந்தது.

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்காக ரெண்டு வரி. காட்டுப்பள்ளி எண்ணூருக்கு வடக்க இருக்கு. அங்க ஏற்கெனவே ஒரு துறைமுகம் ஓடிட்டு இருக்கு. 2018ல அதானி துறைமுக நிறுவனம் அதை வாங்கினது. அதுக்கப்புறம் வந்த விரிவாக்கத் திட்டத்துல, இப்ப 330 ஏக்கர் இருக்கிறது 6,110 ஏக்கர் ஆகும். அதுல சுமார் 2,000 ஏக்கர் கடலை நிரப்பி எடுக்கறது. சரக்கு கையாளுற திறன் வருஷத்துக்கு 24.6 மில்லியன் டன்ல இருந்து 320 மில்லியன் டன்னா ஏறும். சுருக்கமா, 13 மடங்கு. இந்த 13ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

போட்டி விதியும் சொல்லிடறேன். அணிக்கு மூணு பேர். முதல் ரெண்டு பேர் தங்களோட வாதத்தை வைப்பாங்க. மூணாவது ஆள் எதிரணி சொன்னதுக்குப் பதில் சொல்லணும். அதுக்கு அஞ்சு நிமிஷம். நாலாவது நிமிஷத்துல ஒரு மணி, அஞ்சாவது நிமிஷத்துல ரெண்டு மணி, அதோட மைக் கட். மறுப்புரையில புது வாதம் வைக்கக் கூடாது. ஆனா எதிரணியோட வாதத்தை உடைக்கப் புது ஆதாரம் காட்டலாம்.

பாப்பாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்க சித்தப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறார். வீட்ல சோறு துறைமுகத்துல இருந்துதான் வருது. "துறைமுகம் பெருசாகக் கூடாது"ன்னு மேடையேறிப் பேசப் போறா, அதையும் அவர் முன்னாடி. அவரும் பாக்க வரேன்னு சொல்லிட்டார்.

முதல் நாள் ராத்திரி எனக்கு போன். "அண்ணா, நான் ரிபட்டலை எழுதிட்டேன், படிக்கிறேன் கேளு"ன்னா. நான் கேக்கவே இல்ல. "எழுதிட்டியா? எதிரணி இன்னும் பேசவே இல்லையே, எதுக்குப் பதில் எழுதின?"ன்னு கேட்டேன். ஏன்னா இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். பத்தாவது படிக்கும்போது ஒரு போட்டிக்கு அஞ்சு பாயிண்டுக்குப் பதில் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். எதிரணி அதுல ரெண்டைத்தான் சொன்னாங்க. நான் அஞ்சுக்கும் பதில் சொன்னேன். அவங்க சொன்ன வேற மூணு அப்படியே நின்னுது. நடுவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவங்களுக்காக மூணு வாதத்தை நீயே கொடுத்தே, அவங்க வெச்ச மூணையும் தொடாம விட்டே"ன்னார். பதில் சொல்லாம விட்ட வாதத்தை நீங்க ஒத்துக்கிட்டதாத்தான் நடுவர் எடுத்துப்பார். கோபமா மறுக்காம விட்டாலும் சரி, நேரம் பத்தாம விட்டாலும் சரி, அவர் தாள்ல அது ஒண்ணுதான்.

அதனால பாப்பாகிட்ட சொன்னது: வீட்ல பதில் எழுதாத. தகவலைத் தேடி வை, பேப்பரைத் தயார் பண்ணி வை. ஒரு ஏ4 தாளைப் படுக்கையா வெச்சு மூணா மடிச்சுக்கோ. முதல் பத்தியில அவங்க சொன்ன கருத்து. ரெண்டாவது பத்தியில அதுக்கு அவங்க கொடுத்த காரணம். மூணாவது பத்தியில உன் பதில், ஆறேழு வார்த்தைக்கு மேல வேணாம். முதல் ரெண்டும் நீல பேனா, மூணாவது சிவப்பு.

இதுல முக்கியமானது ரெண்டாவது பத்தி. "வேலை வரும்"ங்கறது கருத்து. "ஏன்னா துறைமுகம் பெருசானா ஆள் வேணும்"ங்கறது காரணம். கருத்தை நேரா அடிச்சா "வரும்", "வராது"ன்னு ரெண்டு பேரும் மாறி மாறிக் கத்திட்டு இருப்பீங்க. காரணத்தைத் தொட்டாத்தான் வாதம் அசையும். எதிரணி காரணமே சொல்லலன்னா அந்தக் கட்டம் காலியா இருக்கும், அந்தக் காலி கட்டமே உங்களுக்கு ஒரு பதில்.

போட்டியில எதிரணி முடிச்சதும் மூணு நிமிஷம் இடைவெளி கொடுத்தாங்க. அவங்க நல்லாவே பேசியிருந்தாங்க. பாப்பா தாள்ல நாலு வரி இருந்தது. இப்ப ரெக்கார்டிங்.

ஒலிப்பதிவு, முதல் 20 செகண்ட்

"நடுவர் அவர்களே, எதிரணி நான்கு காரணங்களைச் சொன்னது. வேலைவாய்ப்பு வரும். சாலை நெரிசல் குறையும். எண்ணூர் ஏற்கெனவே கெட்டுவிட்டது. கடல் அரிப்பைக் கல் போட்டுத் தடுக்கலாம். இந்த நான்கையும் அவர்கள் சொன்ன வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்."

இவ்வளவுதான் ஆரம்பம். "அன்னைத் தமிழுக்கு முதல் வணக்கம்" எல்லாம் முதல் ரெண்டு பேர் சொல்லியாச்சு. பாப்பா நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 100 வார்த்தை பேசுவா, முந்தின நாளே டைமர் வெச்சுப் பார்த்தோம். அஞ்சு நிமிஷம்னா 500 வார்த்தை. அதுல 60 வார்த்தை வணக்கத்துக்குப் போனா ஒரு பாயிண்ட் போச்சு. அவங்க வரிசையிலேயே போறதுக்கும் ஒரு காரணம் உண்டு. நடுவரும் அதே வரிசையிலதான் குறிப்பு எழுதி வெச்சிருப்பார். நீங்க வரிசையை மாத்தினா அவர் தேடணும். தேடற நேரத்துல நீங்க சொல்றதைக் கேக்க மாட்டார்.

ஒலிப்பதிவு, முதல் பாயிண்ட்

"முதலாவது, வேலை. துறைமுகம் பெரிதானால் ஆள் வேண்டும், அதனால் வடசென்னைக்கு வேலை வரும் என்றார்கள். வேலை வரும். அதை நான் மறுக்கவில்லை. என் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் போட்டிருக்கும் இந்தச் சீருடை துறைமுக வேலையில் வாங்கியது. நான் கேட்பது இரண்டு கேள்விகள். சரக்கு 13 மடங்கு ஏறும் என்பது திட்டம். வேலையும் 13 மடங்கு ஏறுமா? கன்டெய்னரைக் கப்பலிலிருந்து இறக்குவது கிரேன். சரக்கு ஏற ஏறப் பெரிய கிரேன் வரும், அதே அளவுக்கு ஆள் வரமாட்டார்கள். ஆகவே சரக்கின் அளவைக் காட்டி வேலையின் அளவைச் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி, போகிற வேலையைக் கழித்தார்களா? எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதில் அந்த அம்மாவுக்குக் கிரேன் இயக்கும் வேலை கிடைக்காது. வருகிற வேலையை மட்டும் எண்ணிவிட்டுப் போகிற வேலையை எண்ணாமல் விட்டால் கணக்கு பாதியில் நிற்கிறது."

முந்தின நாள் அவ எழுதி வெச்சிருந்தது என்ன தெரியுமா? "துறைமுகத்தால் உள்ளூர் மக்களுக்கு வேலையே கிடைக்காது." நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி அவளே நிறுத்திட்டா. "இதை அப்பா முன்னாடி எப்படிண்ணா சொல்றது?"ன்னா. அப்பா முன்னாடி சொல்ல முடியாதுங்கறது ஒரு பக்கம். அது பொய்ங்கறதுதான் உண்மையான பிரச்சனை. ராயபுரத்துல இருந்து மீஞ்சூர் வரைக்கும் துறைமுகத்தை நம்பிச் சாப்பிடற வீடு எத்தனை! அந்த ஹால்லயே எத்தனை பேர் அப்படி வந்திருப்பாங்க. நீங்க ஒரு பொய் சொல்லி மாட்டினா, நடுவர் மிச்ச மூணையும் சந்தேகமாத்தான் கேப்பார்.

அதனால எதை ஒத்துக்கறது, எதைப் பிடிச்சுக்கறதுன்னு பிரிச்சோம். "வேலை வரும்" – ஒத்துக்கறோம். "சரக்கு ஏறினா அதே அளவுக்கு வேலையும் ஏறும்" – இது அவங்க வெளிப்படையாச் சொல்லாம ஒளிஞ்சிருந்த இணைப்பு. அதை வெளிய எடுத்தோம். அப்புறம் கழித்தல். "நன்மையே"ன்னு தலைப்புல ஏகாரம் இருக்கு. நிகரக் கணக்கு காட்டாம அந்த ஏகாரத்தைக் காப்பாத்த முடியாது.

நேரக் கணக்கு இங்கதான் தப்பினது. இந்தப் பாயிண்டுக்கு 75 செகண்ட் ஒதுக்கியிருந்தோம். "என் அப்பா"ன்னு சொன்ன இடத்துல அவளுக்குக் குரல் கொஞ்சம் அடைச்சுது, நிறுத்தித் தண்ணி குடிச்சா. 95 செகண்ட் ஆயிடுச்சு. 20 செகண்டை எங்கேயாவது வெட்டணும். எங்க வெட்டினான்னு மூணாவது பாயிண்ட்ல பாக்கலாம்.

ஒலிப்பதிவு, ரெண்டாவது பாயிண்ட்

"இரண்டாவது, நெரிசல். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கின்றன, வடக்கே பெரிய துறைமுகம் வந்தால் தீரும் என்றார்கள். லாரிகள் நிற்பது உண்மை. அளவைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் ஒரு வருடத்தில் கையாள்வது சுமார் 50 மில்லியன் டன். அதில் ஒரு டன்கூட விடாமல் காட்டுப்பள்ளிக்கு மாற்றினாலும் 50தான். திட்டம் கூடுதலாகக் கேட்பது ஏறத்தாழ 295. நெரிசல் என்ற காரணம் ஆறில் ஒரு பங்கைத்தான் தாங்கும். மீதி ஐந்து பங்குக்கு அவர்கள் காரணம் சொல்லவில்லை."

எனக்கு இந்தப் பதில்ல பிடிச்சது, அவ எதிரணியோட காரணத்தையே அளவுகோலா எடுத்தது. "நெரிசல் ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னா சித்தப்பாவே எழுந்து நின்னு சண்டைக்கு வருவார். ராத்திரி முழுக்க கியூவுல நின்னு, வண்டியிலயே தூங்கி, காலையில கேட்டுக்குள்ள போன நாள் அவருக்கு எத்தனையோ உண்டு. அதனால காரணம் சரின்னு வெச்சுக்கிட்டு, அது எவ்வளவு தூரம் தாங்கும்னு பாத்தா. சின்ன காரணத்து மேல பெரிய திட்டத்தை ஏத்தியிருக்காங்கன்னு ஒரே கழித்தல்ல தெரிஞ்சுது.

இதோட பலவீனத்தையும் சொல்லணும். எதிரணி நெரிசலுக்குப் பதிலா, "இன்னும் இருபது வருஷத்துல சரக்கு பெருகும், அதுக்கு இடம் வேணும்"னு வாதாடியிருந்தா இந்த 50, 295 கணக்கு செல்லாது. அப்ப வேற பதில் தேடணும். நடுவரும் கடைசியில இதையே சொன்னார். ஆனா அவங்க அதைச் சொல்லல. சொல்லாததை நாமளே ஞாபகப்படுத்தக் கூடாது. நான் பத்தாவதுல பண்ணின தப்பு அதுதான்.

ஒலிப்பதிவு, மூணாவது பாயிண்ட்

"மூன்றாவது, எண்ணூர் ஏற்கெனவே கெட்டுவிட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்றார்கள். கெட்டுவிட்டது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சாம்பல் படிந்திருக்கிறது, எண்ணெய் படிந்திருக்கிறது. ஆனால் கழிமுகம் வேடிக்கை பார்க்க இருக்கும் இடம் அல்ல. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோவது. அழுக்கான வடிகாலும் வடிகால்தான். அதைச் சுற்றியுள்ள சதுப்பை நிரப்பினால் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரும்."

வெட்டினது இங்கதான். இதுக்கு அப்புறம் 2023 டிசம்பரைச் சொல்லணும்னு அவ தாள்ல சிவப்புல எழுதியிருந்தா. மிக்ஜாம் புயல் நேரத்துல மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள்ளயே எண்ணெய்த் தண்ணி நின்னுது. மீனவங்க படகு, வலை எல்லாம் கறுப்பு. நாங்க எல்லாரும் கண்ணால பாத்தது. அதைச் சொல்லியிருந்தா ஹால் அமைதியாயிருக்கும், நிச்சயம். இருந்தாலும் வெட்டினது சரிதான்னு நெனைக்கிறேன். எடுத்துக்காட்டை வெட்டலாம், காரணத்தை வெட்டக் கூடாது. "அழுக்கான வடிகாலும் வடிகால்தான்"ங்கற வரி நின்னாலே பதில் முழுசு. எடுத்துக்காட்டை வெச்சுக்கிட்டு அந்த வரியை விட்டிருந்தா, "பாருங்க, நாங்க சொன்ன மாதிரி எவ்வளவு கெட்டுப் போச்சு"ன்னு அந்த எண்ணெயே எதிரணிக்குச் சாட்சி ஆயிருக்கும்.

எதிரணி சொன்ன தகவலை அப்படியே ஏத்துக்கிட்டு, அதுல இருந்து அவங்க எடுத்த முடிவை மட்டும் மறுக்கற முறை இது. இங்கிலீஷ் டிபேட் புத்தகத்துல இருந்து வந்ததுன்னு நான் ரொம்ப நாள் நெனைச்சிட்டு இருந்தேன். பாப்பாவோட தமிழ் டீச்சர்தான் நன்னூலைக் காட்டினாங்க. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின இலக்கண நூல். அதுல எழுவகை மதம்னு, ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம்னு ஏழு வகை இருக்கு. நேரா மறுக்கறது ஒண்ணு. பிறர் கருத்தை முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் களையறது தனியா இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு அப்பவே பிரிச்சு வெச்சிருக்காங்க. பாப்பா நாலு பாயிண்ட்ல மூணுக்கு ரெண்டாவது வகையைத்தான் பிடிச்சிருக்கா. நேரா மறுத்தது ஒண்ணே ஒண்ணு. அது அடுத்து வருது.

ஒலிப்பதிவு, நாலாவது பாயிண்ட்

"நான்காவது, கடல் அரிப்பு. அரிப்பு வந்தால் கல் கொட்டித் தடுக்கலாம், தொழில்நுட்பம் இருக்கிறது என்றார்கள். இதை மறுக்கிறேன். ஆதாரம் நாம் பேருந்தில் வந்த வழியிலேயே இருக்கிறது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரவில்லை, ராயபுரம் கரைந்தது. ராயபுரத்தில் கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரை வந்துவிட்டது. கல் அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்புகிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே அடுத்தது என்ன? கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் ஓர் ஒல்லியான மணல் திட்டு. அதன்மேல் மீனவர் ஊர்கள். அங்கிருந்து அரிப்பை எங்கே அனுப்புவீர்கள்?"

"அனுப்புவீர்கள்"னு முடிக்கும்போது முதல் மணி அடிக்குது, கேட்டீங்களா? சரியா நாலு நிமிஷம் சொச்சம்.

இதை ஏன் நேரா மறுத்தா? ஏன்னா இங்க எதிரணி சொன்ன தகவலே தப்பு, அதைக் காட்ட அவகிட்ட ஆதாரமும் இருக்கு. ஆதாரம் கையில இல்லாம நேரா மறுத்தா அது வெறும் சத்தம். அதோட, இது புத்தகத்துல தேட வேண்டிய ஆதாரம் இல்ல. அந்த ஹால்ல பாதிப் பேர் காசிமேட்டுல இருந்து எண்ணூர் போற ரோட்டுல அந்தக் கல்லைப் பாத்துக்கிட்டேதான் வந்திருப்பாங்க. "கடல் அரிப்பு ஆய்வுகள் கூறுவது யாதெனில்"னு ஆரம்பிச்சிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நடுவர் ஒரு சரிபார்ப்பு பண்ணணும்னா வீட்டுக்குப் போற வழியில ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாப் போதும்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. எதிரணி "கல்"னு சொல்லாம, "தெற்கே சேர்ற மணலைப் பம்ப் பண்ணி வடக்கே கொட்டிடுவோம்"னு சொல்லியிருந்தா இந்தக் கதை அதை உடைக்காது. அப்படி ஒரு முறை நிஜமாவே இருக்கு. அப்போ கேள்வி வேற மாதிரி வரணும்: அதை ஒரு தடவை செஞ்சா போதாது, துறைமுகம் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் செய்யணும். யார் செய்வாங்க, நிறுத்தினா என்ன ஆகும்? பாப்பா அதுக்கும் ஒரு வரி தயாரா வெச்சிருந்தா. தேவைப்படல, எடுக்கல.

ஒலிப்பதிவு, முடிவு

"ஆக, வேலை வரும், ஆனால் போகிற வேலை கழிக்கப்படவில்லை. நெரிசல் உண்மை, ஆனால் அது ஆறில் ஒரு பங்குக்குத்தான் காரணம். எண்ணூர் கெட்டது உண்மை, ஆனால் அதன் வேலை முடியவில்லை. கல் அரிப்பைத் தடுக்கவில்லை. நன்மையே என்று நிறுவ வேண்டியது தலைப்பை ஆதரிக்கும் அணியின் பொறுப்பு. அவர்கள் வைத்த நான்கு தூண்களில் எதுவும் முழுப் பாரத்தைத் தாங்கவில்லை. நன்றி."

"துறைமுகம் தீமையே"ன்னு அவ எங்கயும் சொல்லல, கவனிச்சீங்களா? அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்ல. தலைப்பை வெச்சவங்க நிரூபிக்கணும், எதிர்க்கறவங்க அது நிரூபணம் ஆகலன்னு காட்டினாப் போதும். நிறைய பேர் கடைசி நிமிஷத்துல உணர்ச்சிவசப்பட்டு, "ஆகவே இந்தத் துறைமுகம் நம்மை அழித்துவிடும்"னு முடிப்பாங்க. அது புது வாதம். அதுக்கு ஆதாரம் கேட்டா கையில இருக்காது. மொத்தம் 4 நிமிஷம் 52 செகண்ட். ரெண்டாவது மணிக்கு முன்னாடியே உக்காந்துட்டா.

முடிவு என்னன்னு கேப்பீங்க. தோத்துட்டாங்க. அணியோட மொத்த மதிப்பெண்ல எதிரணி கொஞ்சம் மேல. இவங்க அணியில முதல் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னதுல மார்க் போயிடுச்சு. மறுப்புரைக்கு மட்டும் பாப்பாவுக்குத்தான் அதிக மார்க். "எதிரணி சொன்னதுல ஒண்ணைக்கூட விடல, ஒண்ணைக்கூடத் திரிக்கல"ன்னு நடுவர் சொன்னார். பஸ் ஸ்டாப் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வந்தா.

சித்தப்பா கடைசி வரிசையில நின்னுட்டு இருந்தார், டூட்டி முடிஞ்சு அதே சட்டையோட. அவருக்கு விரிவாக்கம் வந்தா நல்லதுன்னுதான் எண்ணம், இப்பவும். டீக்கடையில நான் மெதுவா, "என்ன சித்தப்பா, உங்க பொழப்புக்கு எதிரா பேசிட்டாளே"ன்னு சீண்டினேன். அவர் பன்னைத் தொட்டுக்கிட்டே, "வேலை வராதுன்னு அவ சொல்லலியே. வரும்னுதான சொன்னா. நான் சொல்றதைச் சொல்லிட்டு அப்புறம்தான அவ சொல்றதைச் சொன்னா. அதுக்கு நான் இன்னான்னு கோச்சுக்கறது?"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "அந்த எறா புடிக்கற பொம்பளைங்க கணக்கு மட்டும் எனக்கு பதில் தெர்ல"ன்னார்.

நான் அதைத்தான் இப்ப ஒரு சோதனையா வெச்சிருக்கேன். மறுப்புரை எழுதினதும், ஒவ்வொரு பாயிண்ட்லயும் "அவர்கள் சொன்னது"ன்னு நீங்க சொல்ற பகுதியை மட்டும் எடுத்து, அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. "ஆமா, நான் சொன்னது அதுதான்"னு அவர் சொல்லணும். "நான் அப்படியா சொன்னேன்?"னு கேட்டா, உங்க பதில் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது வேற யாருக்கோ சொன்ன பதில்.

இன்னொரு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். இந்தத் திட்டத்துக்கு நிஜமாவே ஒரு மேடை உண்டு. 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இந்த மாதிரி திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும். அங்க எழுப்பப்படற சுற்றுச்சூழல் கவலைகளுக்குத் திட்டக்காரங்க தங்களோட இறுதி அறிக்கையில பதில் சொல்லியாகணும். காட்டுப்பள்ளிக்கு 2021 ஜனவரி 22ன்னு தேதி வெச்சாங்க, தள்ளிப் போச்சு. திரும்ப 2023 செப்டம்பர் 5ன்னு வெச்சாங்க, அதுவும் தள்ளிப் போச்சு. அந்த மாதிரி ஒரு கூட்டத்துல மைக் கையில வந்தா உங்களுக்குக் கிடைக்கப் போறதும் சில நிமிஷம்தான். பொதுவா ஆவேசமாப் பேசினா, பதிவுல "எதிர்ப்பு தெரிவித்தார்"னு ஒரு வரி வரும். "உங்க அறிக்கையில இந்த இடத்துல இப்படிச் சொல்லியிருக்கீங்க, அதுக்கு இந்தக் காரணம் கொடுத்திருக்கீங்க, அது இதனால தாங்காது"ன்னு ஒவ்வொண்ணாப் பேசினா, அதுக்கு ஒவ்வொண்ணா அவங்க பதில் எழுதணும்.

பாப்பா அந்த ஏ4 தாளைத் தூக்கிப் போடல. திட்டம் வேணும்னு நெனைக்கற சித்தப்பா, "அந்தக் கூட்டம் எப்ப வெச்சாலும் என்னையும் கூட்டிட்டுப் போ, நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்"னு சொல்லியிருக்கார். எந்தப் பக்கத்துல இருந்து கேப்பார்னு அவர் இன்னும் சொல்லல.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். வரேன்.